படத்தில் இருந்த எட்டு அங்குலம்

கடையில் அவளுக்கு 'இன்ச் அக்கா' என்று பேர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமான பேர்தான். கழுத்தில் மற்றவர்கள் அடையாள அட்டையைத் தொங்கவிட்டிருந்தால் இவள் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சமையல் மேடையின் உயரத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். மாடுலர் கிச்சன் செய்துதரும் அந்தக் கடைக்குப் பதினோரு வருஷமாக வீட்டிலிருந்தே படம் வரைந்து அனுப்புகிறாள். மேடை எங்கே, சிங்க் எங்கே, அலமாரிக் கதவு திறந்தால் யார் முட்டியில் இடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவளும் கணவரும் இருந்தது ஒரே அறையில். எட்டடிக்குப் பன்னிரண்டடி, குளியலறை தனி. வாசல் கதவைத் திறந்ததும் வலது சுவரோரம் ஐந்தடி நீளத்துக்கு சமையல் மேடை, அதைத் தாண்டி ஜன்னல் வரைக்கும் கட்டில். இடது சுவரில் குளியலறைக் கதவு, ஒரு பீரோ, கட்டிலுக்கு நேர் எதிரே நாலடி மேசை. மேசை மேல் இரண்டு திரைகள். கணவர் பஸ் டிரைவர், ஆறடி ஆள். அவர் வீட்டில் இருந்தால் அறை நிறைந்துவிடும். "நான் குளிச்சிட்டு வரேன், நீ கொஞ்சம் கட்டில் மேல ஏறிக்க" என்பார். அவள் பதிலுக்கு, "ஊரையே சுத்துற பஸ்ஸைத் திருப்புறீங்க, இந்த ரூம்ல உங்களால திரும்ப முடியலையா" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

டிப்போவில் பஸ் கூரையின் மேல் ஏறி எதையோ சரிசெய்யப் போனவர் கீழே விழுந்தார். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு ஒருநாள், வார்டைப் பார்த்துக்கொள்ளும் தெரபிஸ்ட் அம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இனிமே இங்க வெச்சிருக்க முடியாதும்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம், ஆனா வீடு அதுக்குத் தோதா இருக்கணும். தலைப்பக்கம் தூக்குற ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி ரெண்டும் உள்ள அடங்கணும். ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கணும், அதுக்கு நீங்க பக்கத்துல நிக்க இடம் வேணும். இல்லைன்னா பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்பணும்."

"அது எங்க இருக்கு?"

"வெளியூர்ல. பஸ்ல போனா அரை நாள் ஆகும்."

இன்ச் அக்காவுக்கு அன்று பயமே வரவில்லை. அதுதான் வேடிக்கை. இடம் சம்பந்தப்பட்ட சிக்கல் என்றால் அது தன்னிடம் வராமல் யாரிடம் போகும் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்தவுடன் கணினி முன்னால் உட்கார்ந்தாள். சுவர்களையும் சமையல் மேடையையும் அளந்து வரைந்தாள். ஏழடிக்கு மூன்றடி ஆஸ்பத்திரிக் கட்டிலை உள்ளே போட்டாள். சக்கர நாற்காலிக்கு ஒரு தயார்ப் படத்தை இறக்கினாள். மேசை, பீரோ எல்லாம் வந்தன.

எல்லாமே அடங்கியது. குளியலறைக் கதவுக்குள் நாற்காலி போனது. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே மூன்றரை அடி கிடைத்தது. இதையெல்லாம்விட, கட்டிலின் தலைமாட்டுக்கும் சமையல் மேடைக்கும் இடையில் எட்டு அங்குலம் மிச்சம் இருந்தது. அந்த எட்டு அங்குலத்தைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே மருந்துக்கு ஒரு குறுகலான தட்டு வைக்கலாம் என்று அதையும் வரைந்தாள்.

அடிக்கு ஒரு கட்டம் என்று கட்டம் போட்ட தாளில் அச்செடுத்து வார்டுக்குக் கொண்டுபோனாள். கணவர் படுத்தபடியே தாளை முகத்துக்கு மேலே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு பொருளாகத் தடவினார்.

"இது என்ன?"

"மருந்துத் தட்டு. கை நீட்டினா எட்டும்."

"அட, அதுக்கும் இடம் பிடிச்சிட்டியா."

"பின்ன, சும்மாவா இன்ச் அக்கான்னு பேரு வெச்சாங்க."

அவள் சிரித்தாள். அவர் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே தெரபிஸ்ட் அம்மா வீட்டைப் பார்க்க வந்தார். கணவருக்கென்று எடுத்துவைத்த நாற்காலியை வேனில் கூடவே கொண்டுவந்திருந்தார். ஆள் பெரியவர் என்பதால் அகலமான நாற்காலி. வாசலைத் தாண்டியது. குளியலறைக் கதவில் முட்டி நின்றது. ஒரே ஒரு அங்குலம். தெரபிஸ்ட் அம்மா பையிலிருந்து மாஸ்கிங் டேப்பை எடுத்து, கட்டிலின் நிஜ அளவைத் தரையில் ஒட்டினார். பழைய கட்டிலை இருவரும் சேர்த்து நிமிர்த்திச் சுவரில் சாய்க்க வேண்டியிருந்தது. டேப் சமையல் மேடையில் போய் இடித்து நின்றது. எட்டு அங்குலம் அங்கே இல்லை. ஒரு நூல்கூட இல்லை.

"உங்க படத்துல வேற மாதிரி இருந்துச்சே," என்றார் தெரபிஸ்ட் அம்மா. குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே குழம்பித்தான் கேட்டார்.

இன்ச் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. மேசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் படம் வரைந்தது கடையின் கோப்பில். அறை பெரிதாகத் தெரிந்தால்தான் வாடிக்கையாளர் சரி என்பார். அதனால் உள்ளே எந்தச் சாமானைப் போட்டாலும் பத்தில் ஒரு பங்கு சுருங்கி விழும்படி முதலாளி எப்போதோ செய்யச் சொல்லியிருந்தார். செய்துகொடுத்தவளும் இவள்தான். கடையின் மேடையும் அலமாரியும் மட்டும் சரியான அளவில் நிற்கும், ஏனென்றால் அதை மாட்டப்போவது கடைக்காரர்கள். கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை எல்லாம் வாடிக்கையாளர் பாடு. 'யார் போய் அளக்கப் போறாங்க' என்பார் முதலாளி. வருஷக்கணக்கில் அதே கோப்பில் வரைந்து வரைந்து, அது சுருக்குகிறது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ஊரார் அறையில் என்றால் ஒரு கண்ணாவது அதில் இருந்திருக்கும். தன் அறை என்றதும் ஆசை வந்து கண்ணை மூடிவிட்டது.

தெரபிஸ்ட் அம்மா நல்லவர். தரையில் மண்டியிட்டு யோசித்தார். "பாத்ரூமுக்குக் குறுகலான நாற்காலி தனியா இருக்கு, அதை வாங்கித் தரேன். பீரோவை வெளிய போடலாம். ஆனா இங்க பாருங்க, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவுல மூணடிதான். நாற்காலி வந்து நின்னா நீங்க எங்க நிப்பீங்க? அவரை எப்படித் தூக்குவீங்க? மேசையை எடுத்துட்டா சரியாயிடும்."

"மேசையை எடுத்துட்டா நான் எங்க வேலை செய்யறது?"

"கடைக்குப் போய்ச் செய்ய முடியாதா?"

"நான் கடைக்குப் போயிட்டா அவரை ரெண்டு மணிக்கு ஒரு தடவை யாரு புரட்டறது?"

தெரபிஸ்ட் அம்மா எழுந்து இடது சுவரைப் பார்த்தார். சுவரில் மடக்கி வைக்கிற மேசை உண்டே என்றார். உண்டு, எத்தனையோ வீட்டுக்கு இவளே வரைந்திருக்கிறாள். ஆனால் அந்த இடது சுவர் வெறும் ஜிப்சம் பலகை. ஒரு படத்தை மாட்டவே யோசிக்க வேண்டும், இரண்டு திரையின் பாரத்தை எங்கே தாங்கும். சமையல் மேடையில் பலகை போட்டு, நின்றுகொண்டே வரைந்து பார்த்தாள். அடுப்பை மூடினால் சோறு இல்லை, திரையை நகர்த்தினால் வேலை இல்லை. டேப்பைப் பிய்த்துப் பிய்த்து வேறு வேறு விதமாக ஒட்டினாள். கட்டிலைத் திருப்பினாள், மேசையைத் திருப்பினாள். இதைவிடப் பெரிய அறைக்குப் போகவோ அவர்கள் கையில் வழி இல்லை. எட்டடி எட்டடியாகவே இருந்தது. சுவருக்கு இரக்கம் கிடையாது.

கணவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார். அவரிடம் அவள் உண்மையைச் சொல்லவில்லை. "பாத்ரூம் கதவைக் கொஞ்சம் பெரிசு பண்ணணும், வீட்டுக்காரர் ஊர்ல இல்லை. அதுவரைக்கும் இங்க இருங்க," என்றாள். அவர் தலையாட்டினார். இல்லத்தில் ஆறு கட்டில்கள் கொண்ட கூடத்தில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. தலைக்கு அருகே சுவரில் அந்தப் படத்தை ஒட்டிவைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "எங்க வீட்டம்மா வரைஞ்சது, கம்ப்யூட்டர்ல," என்று சொன்னாராம்.

ஞாயிறு தவறாமல் போனாள். போகும்போதெல்லாம் அவர், "கதவு வேலை முடிஞ்சுதா?" என்பார். இவள், "இன்னும் ஆள் வரலைங்க," என்பாள். வீட்டுக்குத் திரும்பினால் தரையில் டேப் அப்படியே இருக்கும். அதை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கப் பழகிவிட்டிருந்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயம், அவளால் அதற்கு மேல் முடியவில்லை. பொய் சொல்லிச் சொல்லி நாக்கே கசந்துவிட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "நான் மேசையை வித்துடலாம்னு இருக்கேன். வேற ஏதாவது வேலை பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்கு வந்துடுங்க," என்றாள்.

அவர் கையை உயர்த்திச் சுவரில் இருந்த படத்தைத் தொட்டார்.

"சுவர் பன்னண்டு கட்டம். மேடை அஞ்சு. மிச்சம் ஏழு. ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஏழடி. அப்புறம் மருந்துத் தட்டுக்கு எங்கிருந்து இடம் வந்துச்சு?"

அவள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள்.

"நீ கொண்டுவந்து காமிச்ச அன்னைக்கே எண்ணிப் பாத்தேன்," என்றார். "இருபது வருஷம் வண்டியைச் சந்துல நுழைச்சவன், எனக்கு இது தெரியாதா. கட்டில் ஏழு கட்டத்துக்குக் குறைச்சலா இருக்கு, நாற்காலியும் சின்னது. அதுல என் தம்பி வேணா உக்காரலாம்."

"அப்பவே ஏங்க சொல்லலை?"

"நான் விழுந்ததுலேர்ந்து நீ அன்னைக்குத்தான் சிரிச்ச."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடத்தில் மற்றவர்கள் இருந்ததைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மேசையை விக்காத," என்றார். "வித்தா வாடகை யாரு தருவா? நான் வந்து படுக்கறதுக்கு அந்த ரூமாவது இருக்கணும்ல."

அந்த ரூமுக்கு இனி அவர் வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, படத்தைச் சுவரிலிருந்து பிய்க்கப் போனாள்.

"பொய்ப் படம் எதுக்குங்க. சரியா ஒண்ணு வரைஞ்சு கொண்டாரேன்."

"வேணாம், இருக்கட்டும்," என்றார். "சரியா வரைஞ்சா அதுல நான் இருக்க மாட்டேனே."

ஒரு மூலை அதற்குள் கையோடு வந்துவிட்டிருந்தது. அவள் பையைத் துழாவி, தெரபிஸ்ட் அம்மா வீட்டில் விட்டுப்போன அந்த மாஸ்கிங் டேப்பை எடுத்து ஒரு துண்டு கிழித்து, அந்த மூலையைத் திரும்ப ஒட்டினாள். பிறகு அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்து அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நிற்க அங்கே தாராளமாக இடம் இருந்தது.