சந்தனத்துக்குக் கீழே எரிந்த விளக்கு

என் கணவர் குவைத்தில் உழைத்து வாங்கிய லாரியைத் தஞ்சாவூரில் இருந்தபடி நான்தான் கவனித்துக்கொண்டேன். ஓட்டியவர் முத்துப்பேட்டைக்காரர். என்னைவிட மூத்தவர், பாய் என்று கூப்பிடுவேன். ஐந்து வருஷம் குறை சொல்ல முடியாத வேலை.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. அரிசி மூட்டைகளோடு ரயில்வே மேம்பாலத்தில் ஊர்ந்து ஏறி, பின்னால் வந்த பஸ்காரர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

“முழுசா மிதிச்சாலும் இழுக்க மாட்டேங்குதும்மா. ஸ்பீடு கவர்னர்தான் புடிச்சு வச்சிருக்குன்னு நெனைக்கிறேன்.”

வண்டி அளவுக்கு மேல் வேகம் போகாமல் தடுக்கும் அந்தக் கருவியைப் பற்றி எனக்கு அரைகுறையாகத் தெரியும். அதுதான் வம்பு.

“எண்பதைத் தொடுறப்பதானே அது டீசலைக் குறைக்கும்? பாலத்துல இருபதுல போறப்ப அதுக்கென்ன வேலை? வேகமாப் போகணும்னு கவர்னரோட சீலைப் பிரிச்சு எதையாவது நோண்டினீங்களா?”

“நான் கையே வைக்கலம்மா.”

“பட்டறைக்குப் போவோம். நோண்டினது தெரிஞ்சா சாவியைக் குடுத்துட்டுப் போயிடுங்க.”

அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நானும் போனேன்.

என் சந்தேகத்தைக் கேட்டுக்கொண்ட மெக்கானிக் சாவியைத் திருப்பிவிட்டு, “கவர்னர் விளக்கு எங்கங்க?” என்றார். டேஷ்போர்டு முழுக்க நான் அப்பியிருந்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஒரு பொட்டை நகத்தால் சுரண்டினார். அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“சாவி போட்டதும் எரிஞ்சு, கொஞ்ச நேரத்துல அணையணும். அணையலைன்னா கோளாறு.”

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கியர்பாக்ஸிலிருந்து கவர்னருக்கு வேகத்தைச் சொல்லும் வயரின் இணைப்பில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தது. பூஜைக்கு முன்னால், அடிப்பக்கமெல்லாம் நன்றாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவச் சொன்னவள் நான்தான்.

“வேகம் எவ்வளவுன்னு தெரியலைன்னா இந்த கவர்னர் டீசலைக் குறைச்சுத்தான் விடும். இல்லாட்டி எல்லாரும் வயரைப் புடுங்கிட்டுப் பறப்பாங்க. மத்தபடி நீங்க சொன்னது சரிதான், எண்பதுக்குக் கீழ அது இழுவையைத் தொடாது. சீல் அப்படியே இருக்கு.”

சுத்தம் செய்து காயவைத்து மாட்டியதும் விளக்கு எரிந்து அணைந்தது.

“அந்தப் பொட்டைத் துடைச்சுப் பாத்திருக்கலாமே பாய்?” என்று கேட்டேன்.

“பூஜையில நீங்க வச்சது. நான் எப்படிம்மா துடைக்கிறது?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெக்கானிக்குக்கு எதிரிலேயே மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லம்மா” என்றார் பாய். அன்றைக்கே லோடோடு வண்டி பாலத்தில் சுலபமாக ஏறியது. அவர் வேலையை விட்டுப் போகவுமில்லை.

ஆனால் அதன்பிறகு வண்டியில் சின்னக் கோளாறு என்றாலும் அவர் வாயால் சொன்னதில்லை. மெக்கானிக்கிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிவந்து, பேசாமல் என்னிடம் நீட்டுவார்.