கொம்பு முன்னாலா, மெய் முன்னாலா

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதுவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் நின்று யாராவது மூச்சு விட்டால் போதும், பற்றிக்கொண்டு வரும். அன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அறையில் மூன்று பேர் என் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. லேத் பட்டறை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை, அதுதான் எங்கள் கம்பெனி. ஓனர், நான், இரண்டு கம்ப்யூட்டர். அச்சகங்களுக்குத் தமிழில் தட்டெழுதும் புரோகிராம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். ஓனர் தெளிவாகச் சொல்லிவிட்டார், முதல் அச்சகம் வாங்கினால் எனக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு சரி.

வீட்டில் அதைவிடத் தெளிவு. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. சொந்த ஊரான நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. "மக்ளே, வேலை நிலைச்சா ஒன் இஷ்டம். நிலைக்கலன்னா நான் அவங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான். எனக்கு அந்த மாப்பிள்ளை மேல் ஒரு விரோதமும் இல்லை. போக விருப்பமில்லை, அவ்வளவுதான்.

புரோகிராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். உயிர்மெய் இருநூற்றுப் பதினாறையும் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்க நான் என்ன பைத்தியமா? பதினெட்டு மெய்க்கு ஒரு வரிசை, உயிர்க்குறிகளுக்கு ஒரு வரிசை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுற்று. வெளிச்சுற்று க-வை எடுக்கும், உள்சுற்று அதோடு குறிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும், பிறகு ங, பிறகு ச. அகரத்துக்குக் குறி கிடையாது என்பதால் அந்த இடம் மட்டும் காலி.

சொல்ல எளிதாகத்தான் இருந்தது. முதல் தடவை ஓட்டியபோது கொம்பெல்லாம் எழுத்துக்கு வலப்பக்கம் போய் நின்றது. எல்லாக் குறியும் பின்னால்தான் ஒட்டும் என்று எழுதிவைத்தால் வேறென்ன வரும்! அப்புறம் குறிகளைப் பிரித்தேன். ா, ி, ீ வலப்பக்கம். ெ, ே, ை இடப்பக்கம். ொ, ோ, ௌ மூன்றும் எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். உகரமும் ஊகாரமும் மெய்க்கு மெய் வடிவம் மாறும், கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. அவற்றுக்குத் தனித்தனி வடிவம் வரைந்து அட்டவணையில் போட்டேன். கடைசியில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்திக் கத்தி முழு வரிசையையும் அடித்துத் தள்ளியது. ஒரு எழுத்தில் பிசகு இல்லை. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து நானே பலமுறை ரசித்தேன்.

இந்தத் தைரியத்தில்தான் பூந்தமல்லி அச்சகக்காரரை வரச் சொன்னோம். சர்ச் சபைப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிக்கிறவர். கூடவே மனைவியை அழைத்து வந்தார். பல வருடமாகத் தமிழ் டைப்ரைட்டரில் அடித்துப் பழகிய கை, வாங்கினால் இதில் வேலை செய்யப்போவது அவர்தான்.

சுவரில் இருந்த தாளைப் பார்த்து அச்சகக்காரர் தலையாட்டினார். ஓனர் முகம் மலர்ந்தது. "அண்ணாத்தே, அல்லா எழுத்தும் கீது பாரு. ஒண்ணு குறையாது."

அந்த அக்கா உட்கார்ந்தார். 'சபை' என்று அடித்தார். திரையில் 'சைப' என்று வந்தது.

திரும்ப அடித்தார், திரும்பவும் சைப. 'வேலை' என்று அடித்தால் ஏகாரக் கொம்பு அநாதையாக நின்றது, ஐகாரக் கொம்பு வ-வைப் பிடித்துக்கொண்டது, ல மொட்டையாக நின்றது.

"இன்னாம்மா இது?" என்றார் ஓனர். குரல் தாழ்ந்திருந்தது. அவர் கத்தினால் பயமில்லை, குரல் தாழ்ந்தால்தான் பயம்.

அக்காவின் விரல்களையே பார்த்தேன். ச, அப்புறம் கொம்பு, அப்புறம் ப. டைப்ரைட்டரில் அப்படித்தானே அடிக்க முடியும்? தாளில் இடப்பக்கம் இருப்பதை முதலில் அடித்தாகவேண்டும். என் புரோகிராமோ மெய் முதலில் வரும், குறி அதற்குப் பின்னால் வரும் என்று காத்திருந்தது. அதனால் ப-வுக்கு வந்த கொம்பை முன்னால் நின்ற ச-வுக்கு மாட்டிவிட்டது. எத்தனை சோதனை செய்தேன்! எல்லாம் என் சுற்று போட்ட எழுத்துகள், டைப்ரைட்டர் பழகிய ஒரு கை அதில் பட்டதேயில்லை.

"மாத்தி அடிக்கச் சொல்லும்மா. மெய்ய மொதல்ல அடிக்கட்டும்" என்றார் ஓனர்.

அக்கா முயன்றார். இரண்டு வார்த்தை சரியாக வந்தது. மூன்றாவதில் விரல் தானாகக் கொம்புக்குப் போனது. அச்சகக்காரர் பையை எடுத்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க. வாரா வாரம் பத்திரிகை போகணும். இவ கை மாறுற வரைக்கும் நான் காத்திருக்க முடியாது."

"சார், ஒக்காருங்க!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "அக்கா கை மாறவேணாம். நான் மாத்துறேன். கீழே போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

டீ குடிக்க யாரும் போகவில்லை. அதுதான் அந்த மூன்று பேர் மூச்சு.

எழுத்துகளைச் சேர்க்கும் சுற்றைத் தொடவில்லை. விசைப்பலகைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சிறு பகுதி எழுதினேன். கொம்பு வந்தால் முன்னால் நிற்கும் எழுத்தில் ஒட்டாதே, கையில் பிடித்து வை. அடுத்து மெய் வந்ததும் இரண்டையும் திருப்பி, மெய் முன்னால், குறி பின்னால் கொடு. அதற்கப்புறம் கால் வந்தால் கெ-யைக் கொ ஆக்கு, கே-யைக் கோ ஆக்கு. அவசரத்தில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டேன். புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர் பிழை என்று கத்தியது. ஓனர் "அய்யய்யோ" என்றார். "சும்மா இருங்க சார்!" என்று சீறினேன். வேலை போகிற நேரத்தில் மரியாதை எங்கே வரும்?

அக்கா மறுபடி உட்கார்ந்து, ச அடித்தார், கொம்பு அடித்தார். திரையில் ச மட்டும் நின்றது, கொம்பு வரவில்லை. அழுத்தம் போதவில்லை என்று நினைத்து மறுபடி கொம்பை அடித்தார். எல்லாம் குழம்பியது.

அச்சகக்காரர் எழுந்தே விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடித்து வைத்த கொம்பை நான் மறைத்தல்லவா வைத்திருந்தேன்? "ஒரே நிமிஷம் சார், சத்தியமா" என்று கெஞ்சினேன். அடித்ததுமே கொம்பைத் திரையில் காட்டு, மெய் வந்ததும் சேர்த்து வரை. இரண்டே வரி.

சபை. வேலை. மேடை. கோவை. அக்கா நிற்கவில்லை. ஒரு முழுப் பத்தியை மளமளவென்று அடித்துவிட்டு, "டைப்ரைட்டர் மாதிரியே இருக்குங்க" என்று கணவரிடம் சொன்னார்.

"ஒண்ணு மட்டும், அக்கா" என்றேன். மறைத்து விற்க மனம் வரவில்லை. "ஔகாரத்துக்கு டைப்ரைட்டர்ல மாதிரி கடைசியில ள-வை அடிச்சா இதுக்குப் புரியாது. அதுக்குக் கீபோர்டுல தனிக் கட்டை வச்சிருக்கேன்."

"அது எப்பவோ ஒண்ணு வரும், பரவால்லம்மா" என்றார்.

அச்சகக்காரர் பையைக் கீழே வைத்தார். ஓனர் என்னைப் பார்த்து, "நாளையிலேர்ந்து நீ நிரந்தரம்மா. ஆனா என்னை அந்த மாதிரி அதட்டாதே" என்றார்.

ஆவடிக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. வாசலிலேயே அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்குப் பயமாகிவிட்டது. பின்னாலேயே போனேன். குவார்ட்டர்ஸ் முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் நாகர்கோவிலுக்குப் போன் போட்டார். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது, எல்லாம் கேட்டது.

"இல்ல, இப்ப வேண்டாம்... பொண்ணு வேலைக்குப் போறா... ஆமா, நிலைச்சிட்டு. கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து உண்டாக்குற வேலை... எல்லா எழுத்தும்தான். ஒண்ணு விடாம."

அந்தப் பக்கம் என்னவோ நீளமாகச் சொன்னார்கள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அதெல்லாம் இனி எங்கிட்ட கேக்காதீங்க" என்றார். "அவகிட்டத்தான் கேக்கணும்."