அக்குளில் வைத்த பேட்டரி

மூச்சு பட்டு நனைந்த மப்ளர், கொஞ்ச நேரத்தில் விறைத்துப் போய்த் தாடையை அட்டை மாதிரி உரசும்... அந்த உரசல் இன்னும் நினைவிருக்கிறது.

கோலா சாவா எஸ்டேட்டில் பிறந்தவனுக்குக் குளிர் என்றால் மழை நாளில் மோட்டார் சைக்கிளில் நனைந்து வருவதுதான். அப்படிப்பட்டவனை மலேசிய ராணுவம் அமைதிப்படை வேலைக்கு அனுப்பி, எங்கோ ஒரு மலை உச்சியில், இரண்டு நாட்டு எல்லையில் நிறுத்திவிட்டது.

காவல் சாவடியில் இரண்டு பேர் இருக்க வேண்டும். என்னோடு இருந்த அஸ்மானுக்குக் காய்ச்சல் கண்டு, மத்தியானமே கீழே கொண்டுபோய்விட்டார்கள். மாற்று ஆள் வருவதற்குள் ரோடு பனிக்கட்டியாகிவிட்டது. விடியும்வரை நான் மட்டும்தான்.

ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. அந்தக் குளிரில் டீசல் மெழுகு மாதிரி கெட்டியாகிவிடும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஹீட்டர் இல்லை, பெரிய ரேடியோ இல்லை. மிஞ்சியது கையில் பிடிக்கும் வாக்கி டாக்கி ஒன்று.

காவலுக்கு நிற்பது என்றால் சும்மா நிற்பது இல்லை. பூட்ஸுக்குள் கால்விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மரத்துவிடும். துப்பாக்கி இரும்பை வெறும் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். இருட்டில் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் நேராக முறைக்கக் கூடாது, கொஞ்சம் பக்கத்தில் பார்க்க வேண்டும். அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும்.

மனிதக் குரல் என்றால், தொடர்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ரேடியோ செக் மட்டும்தான். கீழே முகாமின் கண்ட்ரோல் அறையில் அன்று பாலா அண்ணன். எங்கள் ஊர்ப்பக்கத்து ரெம்பாவ்காரர், கார்ப்பரல். நேரில் வாய் ஓயாமல் பேசுகிறவர், ரேடியோவில் யாரோ மாதிரி இருப்பார். "ரேடியோ செக், ஓவர்." "லவுட் அண்ட் கிளியர், ஓவர்." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்த நாலு வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தேன் என்றால் நம்புவீர்களா...

அப்போதுதான் கீழே சரிவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

மங்கலான டார்ச். தரையைத் தடவித் தடவி வந்தது. ராணுவக்காரன் எவனும் டார்ச் அடித்துக்கொண்டு எல்லைக்கு வரமாட்டான். நைட் விஷன் கண்ணாடியில் பார்த்தேன். கிழவர் ஒருவர். கையில் கம்பு மட்டும். பகலில் அந்தச் சரிவில் ஆடு மேய்ப்பவர். தவறிப்போன ஆட்டைத் தேடி வருகிறார் என்று புரிந்தது.

அவர் போனது எல்லையைக் காட்டும் நீல பீப்பாய்களை நோக்கி. பீப்பாயைத் தாண்டினால் எதிர்ப்பக்கத்துக் காவலர்கள் சுடுவார்கள். அவர்களுக்கு அது ஆடா ஆளா, கம்பா துப்பாக்கியா என்று தெரியாது.

இதற்கு வழி இருக்கிறது. நான் கண்ட்ரோலுக்குச் சொன்னால், அங்கிருந்து தொடர்பு அதிகாரி எதிர்ப்பக்கத்துக்குப் போன் போட்டு, வருவது ஆட்டுக்காரர், சுடாதீர்கள் என்பார். நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பட்டனை அழுத்தினேன். ரேடியோ 'பீப்' என்று கத்திவிட்டு அணைந்தது.

குளிரில் பேட்டரி அப்படித்தான். கேட்பதற்குக் கொஞ்சம் சக்தி போதும், பேசுவதற்கு நிறைய வேண்டும். மறுபடி போட்டேன். பாலா அண்ணன் கூப்பிடுவது கேட்டது. பதில் சொல்லப் போனால் அணைந்தது. ஒருவர் என்னைக் கூப்பிடுகிறார், என் குரல் மட்டும் அவருக்குப் போகவில்லை... அந்த மாதிரித் தனிமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

ஸ்பேர் பேட்டரி தரையில் பைக்குள் கிடந்தது. அதுவும் ஐஸ். உடம்போடு வைத்திருக்க வேண்டும். வெயில் நாட்டுக்காரனுக்கு அது எங்கே தோன்றும்.

இறங்கி ஓடலாம் என்றால் காவலை விட்டு நகரக் கூடாது. கத்தினேன். காற்று என் சத்தத்தை என்னிடமே கொண்டுவந்து போட்டது.

அந்த நேரத்தில் அம்மா ஞாபகம். விடியுமுன்பே ரப்பர்ப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போகும் அம்மா, டார்ச் மங்கினால் பேட்டரிக் கட்டையைத் தூக்கிப் போடமாட்டார். லயத்து வீட்டுத் தகரக் கூரையின் மேல் வெயிலில் காய வைப்பார். "சூடு ஏறுனா இன்னொரு காலைக்கு ஓடும்லா" என்பார். நாங்கள் சிரிப்போம்.

க்ளவுஸைக் கழற்றினேன். சட்டைக்குள் கைவிட்டு, ஸ்பேர் பேட்டரியை அக்குளில் வைத்து அழுத்தினேன். உயிர் போய் உயிர் வந்தது. கண் மட்டும் டார்ச் வெளிச்சத்தின் மேல். அது ஒரு பாறையைச் சுற்றியது, நின்றது, மறுபடி பீப்பாயை நோக்கி நகர்ந்தது. போகாதே என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பேட்டரியை மாட்டி அழுத்தினேன். அணையவில்லை.

"ஒரு ஆளு, சிவிலியன், ஆயுதம் இல்ல, டார்ச் வச்சிருக்காரு. பீப்பா பக்கம் போறாரு. ஆட்டுக்காரரு. ஓவர்."

"வெயிட், அவுட்" என்றார் பாலா அண்ணன். பொறு, பிறகு கூப்பிடுகிறேன் என்று அர்த்தம்.

பிறகு வெறும் காற்றுச் சத்தம். எந்த நிமிடமும் வெடிச் சத்தம் கேட்கும் என்று நின்றேன். டார்ச் பீப்பாயைத் தாண்டியது. குனிந்தது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. பிறகு திரும்பியது... கிழவர் தோளில் ஒரு குட்டி.

வெடி கேட்கவில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊருக்கு இறங்கிப் போனார். தனக்காக இரண்டு பேர் விழித்திருந்தது அவருக்குத் தெரியாது.

ரேடியோ கரகரத்தது. பாலா அண்ணன், விதியை மீறி, மெதுவாக, வீட்டில் பேசுகிற மாதிரி.

"சாப்டியா தம்பி?"

நான் அழுதுவிட்டேன். அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை.

இப்போது ஊர்ப்பக்கம் மம்பாவில் இருக்கிறேன். கையில் எந்நேரமும் சார்ஜ் நிறைந்த போன். வாட்ஸ்அப் குரூப்பில் இருநூறு பேர். பாலா அண்ணனும் இருக்கிறார், தீபாவளிக்குப் பூப் படம் அனுப்புவார், நானும் ஒரு பூ அனுப்புவேன்.

நேற்று டிவி ரிமோட் பேட்டரியை வெயிலில் வைத்தேன். மகள் சிரித்தாள். அது காய்கிறவரை வாசலில் உட்கார்ந்திருந்தவன், என்னமோ தோன்றி ரெம்பாவுக்கு, பாலா அண்ணனுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தார்.

"சாப்டீங்களாண்ணே?" என்றேன்.

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்...

"லவுட் அண்ட் கிளியர், தம்பி."