டவருக்குத் தாமதம் போட்ட நாள்

தொண்டாமுத்தூர் தாண்டி, மலையடிவாரப் பள்ளி ஒன்றில் ஆசிரியை நான். புது வருகைப்பதிவு ஆப்பைச் சோதித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

போன வாரம் ஒரு நாள் காலை ஒன்பதேகாலுக்கு இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் பதிவு போட்டேன். சிக்னல் இல்லை. ஆப் அதைப் போனிலேயே சேமித்துக்கொண்டது. மதியம் தண்ணீர்த் தொட்டி மேட்டில் சிக்னல் கிடைத்ததும் தானாக அனுப்பியது.

பட்டியலைப் பார்த்தால், அத்தனை பேரும் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார்களாம்! எல்லோருக்கும் சிவப்பில் ‘தாமதம்’. இரண்டு கிலோமீட்டர் நடந்து, மணியடிக்கும் முன்பே வந்து நிற்கும் நந்தினிக்கும்கூட.

ஆப் செய்த தம்பியை அழைத்தேன்.

“சர்வருக்கு வந்து சேர்ற நேரத்தைத்தானுங்க மேடம் எடுக்குது. போன் நேரத்தை எடுத்தா, யாராச்சும் கடிகாரத்தை மாத்தி வெச்சுப்போடுவாங்களே?”

“நாயந்தானுங்க. அப்ப ரெண்டு நேரத்தையும் காட்டுங்க. பதிவு போட்ட நேரத்தை வெச்சுத் தாமதம் பாருங்க. சந்தேகம்னா என்னையக் கேளுங்க, புள்ளைங்க மேல போடாதீங்க.”

இன்று புதிய ஆப் வந்தது. காலையில் வழக்கம்போல சிக்னல் இல்லை. மதியம் மேட்டில் ஏறிப் பார்த்தேன். பதிவு 9.15, சேர்ந்தது 12.50. ஒரு சிவப்புகூட இல்லை! இனி எல்லாப் பள்ளிக்கும் இப்படித்தானாம். என் நடையிலும் கொஞ்சம் நிமிர்வு வந்துவிட்டது.

பிள்ளைகளிடம் காட்டினேன். நந்தினி கேட்டாள்:

“அப்ப டவருக்குத்தானுங்க டீச்சர் லேட்டு போடோணும்?”

கரும்பலகையில் ‘டவர் – தாமதம்’ என்று போட்டுவிட்டேன்.

உங்கள் ஊர் டவர் எத்தனை மணிக்குப் பள்ளிக்கு வருகிறது?