இரண்டாம் நம்பர் டப்பா

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால்மாவு டப்பாவில் பெரிதாக '2' என்று போட்டிருந்ததைப் பார்த்து, அது இரண்டு மாதக் குழந்தைக்கு என்று வாங்கிவந்த பட்டதாரி நான்.

மனைவி சாப்பிட்ட மாத்திரைகளால் சில நாளைக்குத் தாய்ப்பால் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கலக்கிய இரண்டாவது புட்டியிலேயே மகள் கக்கிவிட்டாள். டப்பாவை எடுத்தால் மனைவி கேட்பாள் என்று, அதன் எழுத்துகளைச் செல்போனில் படம்பிடித்துக்கொண்டு இடைசெவலிலிருந்து கோவில்பட்டி மருந்துக்கடைக்கு பைக்கில் பறந்தேன்.

கடைக்கார அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தை வாசித்தார்.

"இது ஆறு மாசத்துக்கு மேல உள்ள பிள்ளைக்குல்லா? அதுவரைக்கும் ஒண்ணாம் நம்பர்தான். எப்படிக் கலக்குனீய?"

"முப்பது மில்லி தண்ணிக்கு ஒரு கரண்டி, நல்லா குமிச்சு."

படியில் கம்பு அளக்கிற வீட்டில் பிறந்தவன் நான். தலைதட்டி அளப்பது எங்களுக்குக் கஞ்சத்தனம்.

"தலைதட்டித்தான் போடணும்னு எழுதியிருக்கே! கம்பா அளக்குதீய? குடிச்ச மிச்சம்?"

"பிளாஸ்க்ல ஊத்தி வச்சிருக்கேன், அடுத்த வேளைக்கு."

"அடப்பாவி, அதை அப்பவே கொட்டணும்னும் இருக்கு!"

செல்போனை மறுபடி அவரிடம் நீட்டினேன்.

"படத்தை இன்னொருக்க நல்லா பாருங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

"பிள்ளை படத்துலயா இருக்கு? தூக்கிட்டு டாக்டர்ட்ட ஓடுங்க!"