இடுப்பக்கா பார்த்த படம்

இந்த நகரத்து ஜனங்களுக்குக் கையில் கேமரா இருக்கிறது, முகத்தில் கண்தான் இல்லை. நகராட்சியின் பூச்சிப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் அக்காவின் தீர்ப்பு இது. மேல்முறையீடு கிடையாது.

தண்ணீர் வரி கவுண்டருக்குப் பின்னால், பழைய கோப்புகளை அடுக்கி மிச்சமான இடத்தில் அவளுக்கு ஒரு மேஜை. மேஜை மேல் அலுவலக போன். வீட்டில் பூச்சிக்கூடு பார்த்தவர்கள் பூச்சியைக் கிட்டத்தில் படம் பிடித்து அந்த போனுக்கு அனுப்ப வேண்டும். தேனீயா, குளவியா, கதண்டா என்று அக்கா பார்த்துச் சொல்வாள். தேனீ என்றால் தேனீ வளர்ப்பவர் போய்க் கூட்டை அலுங்காமல் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். குளவியோ, குளவிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும் கதண்டோ என்றால் மருந்தடிப்பவர்கள் தலை முதல் கால் வரை தடித்த உடுப்பை மாட்டிக்கொண்டு, பொழுது சாய்ந்து பூச்சியெல்லாம் கூடடைந்த பிறகு போவார்கள். நடுவில் நின்று பிரித்து அனுப்புகிறவள் இவள் ஒருத்திதான்.

எந்தப் படம் வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "இடுப்பு எங்க?" அதனால் அலுவலகத்தில் அவளுக்கு இடுப்பக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் தெரியும். இப்படி ஒரு பெயர் வைக்கவாவது மூளை வேலை செய்ததே என்று விட்டுவிட்டாள்.

கேள்வியில் தப்பில்லை. தேனீக்கு மேலுடம்பும் வயிறும் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், இடுப்பு கண்ணுக்குத் தெரியாது. குளவிக்கு நூலில் கட்டி வைத்தது போல ஒடுங்கிய இடுப்பு. இரண்டாவது, முடி. தேனீயின் நெஞ்சில் பஞ்சு ஒட்டினாற்போல முடி அடர்ந்திருக்கும். குளவி எண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று மின்னும். நிறம் மூன்றாவதுதான். தேனீ மங்கலான தேன் பழுப்பு, குளவி பெரும்பாலும் பளிச்சென்ற மஞ்சளும் கறுப்பும். கதண்டு இருக்கிறதே, அது பொல்லாதது. ஒருவகை கறுப்பாக வயிற்றில் மஞ்சள் பட்டையோடு வரும், இன்னொரு வகை செம்பழுப்பாக வரும். அதற்கும் இடுப்பு உண்டு. ஆனால் தோளும் வயிறும் பருத்திருப்பதால் மேலேயிருந்து எடுத்த படத்தில், இறக்கையும் மூடிக்கொண்டால், இடுப்பு ஒளிந்துகொள்ளும். ஆகவே பக்கவாட்டில் ஒரு படம் கட்டாயம் வேண்டும். இடுப்பு, முடி, நிறம். இந்த வரிசையைத் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். வாசலில் காத்திருப்பவர்களில் ஒருத்தன்கூட அதைப் படித்ததில்லை என்பது அவளுடைய நிரந்தரப் புகார்.

அவள் மதிக்கிற மனிதர்களை எண்ண ஒரு கை விரல்கள் அதிகம். மருந்தடிப்பவர்கள் தடியன்கள். மேலதிகாரி கையெழுத்து போடத் தெரிந்த தூண். பக்கத்துக் கவுண்டரில் வரி வாங்கும் அம்மாள் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற வீராங்கனை. சொந்தத் தம்பியையும் அவள் விட்டு வைக்கவில்லை. நகராட்சி கூப்பிடுகிற தேனீக்காரன் அவன்தான். பொறியியல் படித்துவிட்டு ஊர் ஓரத்தில் நாற்பது தேன்பெட்டி வைத்திருக்கிறான். கையுறை போடமாட்டான். கையுறை போட்டால் விரல் மரத்துப்போய்த் தேனீயை நசுக்கிவிடும், நசுங்கின வாசனைக்கு மற்றதெல்லாம் கொட்ட வரும் என்பான். "ஈ மேய்க்கிறதுக்கு ஒரு சாஸ்திரம் வேற" என்பாள் அக்கா. வாய் அப்படி. ஆனால் அவன் ஒரு நாள் போன் செய்யாவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது.

இவர்கள் எல்லாரையும்விட அவள் வெறுத்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரை. ஓய்வு பெற்ற மனுஷன், பொழுது போகவில்லை. இதுவரை பதினேழு படம் அனுப்பியிருந்தார், எல்லாவற்றுக்கும் "கதண்டு, அவசரம்" என்று தலைப்பு. ஒன்று விட்டில். நாலைந்து வீட்டு ஈ. ஒன்று சட்டையிலிருந்து விழுந்த கறுப்புப் பொத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போன மாதம் அவருக்குப் போனிலேயே பாடம் நடத்தினாள்.

"சார், பூச்சிய மேலேருந்து எடுத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டுல எடுங்க. இடுப்பு தெரியணும். புரியுதா, இல்ல எழுதித் தரணுமா?"

"புரியுதும்மா" என்றார் அவர். அடக்கமாகத்தான் சொன்னார். போனை வைத்ததும் அவர் எண்ணிலிருந்து எது வந்தாலும் மணி அடிக்காதபடி செய்துவிட்டாள்.

அன்று காலை பதினொரு மணிக்கு, மணி அடிக்காமலே பதினெட்டாவது படம் வந்து கிடந்தது. நான்காவது மாடியில் குளியலறைக் காற்றுப்போக்கி விசிறிப் பெட்டிக்குள் கூடு, உள்ளேயிருந்து வந்த ஒன்றைத் துண்டால் பிடித்திருக்கிறோம், கட்டைவிரல் அளவு இருக்கிறது, கதண்டு, அவசரம்.

அக்கா படத்தை ஒரு பார்வை பார்த்தாள். குளியல் துண்டு மேல் குப்புறக் கிடந்தது பூச்சி. இறக்கை மூடியிருந்தது. பழுப்பு நிறம். உடம்பைச் சுற்றி மெல்லிய முடி சிலிர்த்துக்கொண்டிருந்தது. இடுப்பு தெரியவில்லை.

"கட்டைவிரல் அளவாம். பயந்தவனுக்குக் கட்டைவிரலும் வளரும்" என்று முனகினாள். கிட்டத்தில் எடுத்த படத்தில் எறும்புகூட எருமைதான், அளவை நம்பக்கூடாது என்பது அவள் கொள்கை. தேனீ என்று பதில் போட்டாள். தம்பிக்கு போன் செய்தாள்.

"தேனீதான் நாலாவது மாடில. அந்தச் செயலாளர் வீட்டுப் பக்கம். கதண்டுன்னு கதை விடுவாரு, காதுல வாங்காத."

"சரிக்கா. பன்னண்டுக்குள்ள போயிடறேன்" என்றான்.

பக்கவாட்டுப் படம் அவள் கேட்கவில்லை. சுவரில் ஒட்டிய வரிசையில் முதலாவதைத் தாண்டிவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் வைத்துத் தீர்ப்பெழுதினாள். வேறு யார் அனுப்பியிருந்தாலும் கேட்டிருப்பாள். இவரிடம் கேட்டால் இன்னும் பத்துப் படம் வருமே என்ற சலிப்பு.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபோது, சிரிப்பதற்கு ஆள் வேண்டுமென்று வரி கவுண்டர் அம்மாளிடம் படத்தை நீட்டினாள்.

"இதப் பாரு, இதுக்குப் பேரு கதண்டாம். இவ்வளவு முடியோட எந்தக் கதண்டு திரியுது?"

அந்த அம்மாள் தள்ளி நின்றே எட்டிப் பார்த்தாள். "எனக்கென்னக்கா தெரியும். ஏன்க்கா, தேனீக்கு நீலக் கலர்லயா முடி இருக்கும்?"

அக்கா போனைப் பிடுங்கினாள். படத்தைப் பெரிதாக்கினாள். நீலம். அந்த முடி அத்தனையும் வெளிர் நீலம். துண்டும் வெளிர் நீலம். முடியே இல்லை அது. துண்டின் நூல் சுருள்கள் பூச்சியின் இரு பக்கமும் எழும்பி நின்றுகொண்டிருந்தன. அந்தச் சுருள்களை வைத்து அளந்து பார்த்தாள். ஒரு தேனீ அதில் இரண்டு மூன்று சுருளுக்குமேல் நீளாது. இது ஏழு சுருள் நீளத்துக்குக் கிடந்தது. முதுகு வழவழவென்று மின்னியது. பழுப்பு என்று நினைத்தது செம்பழுப்பு.

செயலாளரின் செய்திகளைத் திறந்தாள். மணி அடிக்காமல் இன்னும் மூன்று வந்து கிடந்தன. "அம்மா, நீங்கள் சொன்னபடி பக்கவாட்டில் எடுத்திருக்கிறேன்" என்று ஒன்று. அடுத்தது அந்தப் படம். பருத்த தோள், பருத்த வயிறு, நடுவில் கிள்ளி எடுத்தது போல இடுப்பு. அவள் பத்தொன்பது வருஷத்தில் பார்த்ததிலேயே தெளிவான இடுப்பு. மூன்றாவது, "இது தேனீதானா, தயவுசெய்து மறுபடி பாருங்கள்" என்று. வந்து முக்கால் மணி நேரமாகியிருந்தது.

தம்பிக்கு போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கூட்டில் கை வைக்கும்போது அவன் போனை வண்டியிலேயே விட்டுவிடுவான். வெறுங்கையோடு கதண்டுக் கூட்டில். ஒன்று கொட்டினால் வீங்கும், கூடே திரண்டு கொட்டினால் ஆள் பிழைப்பது சந்தேகம். மறுபடி போட்டாள். மறுபடி.

வேறு வழியில்லை. செயலாளரின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், என் தம்பி எங்க?"

"மேல ஏறிட்டாரும்மா. நீங்கதான் தேனீன்னு சொன்னீங்களே. நான் சொல்லிப் பாத்தேன், சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

"அது தேனீ இல்ல சார். நான் தப்பாப் பாத்துட்டேன். கதண்டு. நீங்க சொன்னதுதான். தயவுசெஞ்சு அவன நிறுத்துங்க."

குத்திக்காட்டுவார் என்று காத்திருந்தாள். குத்திக்காட்டினால்கூடக் காலில் விழத் தயாராக இருந்தாள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. போனை அணைக்காமலே படியேறுகிறார். மூச்சு இரைந்தது. ஒரு மாடி. நின்றார், இருமினார், மறுபடி ஏறினார். எழுபது வயசுக்காரரின் நெஞ்சு அவள் காதுக்குள் அடித்துக்கொண்டது. அப்புறம் "தம்பி, கைய எடுங்க, கதண்டு, உங்க அக்காவே சொல்லிட்டாங்க" என்று ஒரு கத்தல். ஏதோ உருண்டு விழுந்தது. கதவு அடித்துச் சாத்தியது. அதன் பிறகு போனில் ஒன்றுமில்லை.

அக்கா நின்றபடியே இருந்தாள். வரி கவுண்டர் அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்த நிமிஷத்தில் அவளைப் போல ஒரு நல்ல மனுஷி உலகத்தில் இல்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் யானையும் இல்லை. பத்தொன்பது வருஷம் ஊரைக் குருடு என்று திட்டிவிட்டு, கண்ணெதிரே வந்த படத்தைத் திறக்காமல் வைத்திருந்தவள். அது அவளுக்கே உறைத்தது.

ஏழு நிமிஷம் கழித்துத் தம்பியின் எண்ணிலிருந்து மணி அடித்தது.

"அக்கா, ஒண்ணும் இல்ல. பெட்டி மூடிய பாதி தூக்கிட்டேன், அதுக்குள்ள வந்துட்டாரு. கையில ரெண்டு கொட்டுச்சு. அவருக்குக் கழுத்துல ஒண்ணு. கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். மருந்தடிக்கிறவங்கள சாயங்காலம் அனுப்பு."

"மூச்சு விட முடியுதா உனக்கு?"

"முடியுதுக்கா. வீக்கம்தான்."

"ஏன்டா, மேல போய்ப் பாத்ததுமே உனக்குத் தெரியல? தேனீக்காரன்தானடா நீ?" பயம் போன இடத்தில் கோபம் வந்தது, அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான். "அந்த மனுஷன் சொன்னாருல்ல? ஒரு கையுறையாவது மாட்டியிருக்கக் கூடாதா?"

"சத்தம் கொஞ்சம் வேற மாதிரிதான்க்கா இருந்துச்சு. அவரு சொன்னதும் எனக்கும் சந்தேகம் வந்துச்சு. வண்டியில சும்மா கெடந்த கையுறைய எடுத்து மாட்டவும் மாட்டினேன்."

"அப்புறம்?"

"நீ தேனீன்னு சொன்னியேன்னு கழட்டி வெச்சிட்டுப் போனேன்" என்றான் தம்பி.