லாரி, கடிகாரம், பெட்டி

எறும்புப் புற்று கலைந்ததுபோல் ஸ்லைடு முழுக்க வரிகளை அடைத்து, அதைப் பார்த்து வாசித்தே காலம் தள்ளியவர் பார்சல் கம்பெனி மேலாளர். அவருடைய பதவி உயர்வை முடிவுசெய்யும் கூட்டத்துக்காக, அலுவலகத்து டிசைன் பெண் அதை லாரி, கடிகாரம், பெட்டி என மூன்று படமாக்கினாள். லாரிக்குக் கீழே ‘பாதி காலி’, கடிகாரத்துக்குக் கீழே ‘தினமும் தாமதம்’, பெட்டிக்குக் கீழே ‘உடைசல் அதிகம்’. மீதியெல்லாம் வெள்ளை.

“விவரமெல்லாம் நோட்ஸ்ல இருக்கு சார். படிச்சிட்டுப் போங்க.”

“எனக்கே பாடமா?”

கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. அவருக்குத்தான் வாசிக்க ஒன்றுமில்லை.

“இது லாரி,” என்றார். “இது... கடிகாரம்.”

“மணி பாக்க எங்களுக்கும் தெரியும்,” என்றார் முதலாளி. “லாரி ஏன் பாதி காலியாப் போகுது?”

மேலாளர் வெள்ளையிலேயே பதிலைத் தேடினார்.

“நீ வந்து சொல்லும்மா,” என்று முதலாளி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். “சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படம் மறைக்குது.”